சுவர் ஸ்விட்சும் சிவப்புப் பட்டையும்: ஓர் ஓஎல்இடி டிவியின் நிகழ்வு ஆய்வு

என்னை அழைப்பதற்கு முன்பே அந்த டிவிக்குத் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. முதலில் வந்து பார்த்த மெக்கானிக், "பர்ன்-இன், பேனலை மாற்ற வேண்டும்" என்று சொல்லி, புது டிவியின் விலையைத் தொடும் ஒரு தொகையைத் துண்டுத்தாளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். நகராத உருவம் திரையில் நிரந்தர நிழலாகத் தங்கிவிடுவதைத்தான் பர்ன்-இன் என்கிறோம். வீட்டுப் பெரியவர் அந்தத் தாளை டிவிக்குக் கீழே, ரிமோட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது என்றார்.

வீடு திருச்சியில். டிவி 55 அங்குலம், 2021 தீபாவளிக்கு வாங்கியது. நான் போனது 2024 இறுதியில். பெரியவர் ஓய்வு பெற்றவர். காலை ஆறரைக்குச் செய்திச் சேனலைப் போட்டால் பத்து மணி வரை ஓடும், மாலை ஐந்தரைக்கு மீண்டும் தொடங்கி இரவு ஒன்பதரையில் முடியும். மூன்றாண்டும் பெரும்பாலும் ஒரே சேனல். திரையின் கீழே சிவப்புப் பட்டை, அதன் இடது ஓரத்தில் வெள்ளை எழுத்தில் 'முக்கியச் செய்தி', மேல் வலது மூலையில் சேனலின் சின்னம். இவ்வளவும் கேட்டவுடன் யாருக்கும் பர்ன்-இன் என்றுதான் தோன்றும். முதல் மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குறையைக் கண்டுபிடித்தவர் பெரியவரின் மனைவி. பேத்தியின் திருமண வீடியோவைப் பென்டிரைவில் போட்டுப் பார்த்தபோது, மணமகளின் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையின் மடிப்பில் குறுக்காக ஒரு மங்கல் பட்டை ஓடியிருக்கிறது. பட்டைக்குள் 'முக்கியச்' என்ற எழுத்துகளைத் தெளிவாகப் படிக்க முடிந்ததாம். வீடியோ எடுத்தவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று முதலில் அவரைத்தான் திட்டியிருக்கிறார்கள்.

முதல் அரை மணி நேரம்

இத்தகைய புகாரில் நான் முதலில் பார்ப்பது, நிழல் படத்தில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா என்பதைத்தான். செட்டாப் பாக்ஸ் சில சமயம் உறைந்துபோன படத்துண்டை மேலே தூக்கி வைத்திருக்கும். செட்டாப் பாக்ஸின் கம்பியைப் பிடுங்கிவிட்டு டிவியின் சொந்த மெனுவைத் திறந்தேன். நிழல் அங்கேயும் இருந்தது. ஆகவே அது பேனலின் விவகாரம்.

அடுத்தது வண்ணத் தாள்கள். திரை முழுவதும் ஒரே நிறம் கொண்ட படங்களைப் பென்டிரைவில் எப்போதும் வைத்திருக்கிறேன். இதற்கென்று செயலி எதுவும் வேண்டாம். கணினியில் இமேஜ்மேஜிக் இருந்தால் இவ்வளவுதான்:

```
magick -size 3840x2160 xc:"rgb(13,13,13)"    g05.png
magick -size 3840x2160 xc:"rgb(51,51,51)"    g20.png
magick -size 3840x2160 xc:"rgb(128,128,128)" g50.png
magick -size 3840x2160 xc:"rgb(255,0,0)"     red.png
```

பச்சை, நீலம், வெள்ளை ஆகியவற்றையும் இதே முறையில் செய்துகொள்ளலாம். அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு தாளையும் சில விநாடிகள் மட்டும் காட்டி, கைப்பேசியை ஸ்டூல் மேல் நிறுத்தி, ஒளியளவைப் பூட்டிப் படமெடுக்க வேண்டும். இந்தப் பூட்டுதல் முக்கியம். கைப்பேசி தானாக ஒளியைக் கூட்டிக் குறைத்தால், இன்றைய படத்தையும் அடுத்த வாரப் படத்தையும் ஒப்பிட்டுப் பயனில்லை. கண்ணை நம்பியும் பயனில்லை. குறையைத் தேடுகிற கண் அதைக் கண்டுபிடித்தே தீரும்.

20 விழுக்காட்டுச் சாம்பல் தாளில் எல்லாமே தெரிந்தன. கீழே பட்டை, இடது ஓரத்தில் எழுத்து, மேல் மூலையில் சின்னம். ஒரு நுணுக்கம்: பட்டைக்குள் ஓடும் செய்தி வரிகள் எந்த வடிவத்தையும் விட்டுச் செல்லவில்லை. நகரும் எழுத்து எல்லாப் பிக்சல்களையும் சம அளவில் கடந்துபோவதால், அதன் தடம் வழுவழுப்பான ஒரே மங்கலாகிவிடுகிறது. படிக்க முடிகிற எழுத்து என்றால் அது நகராமல் நின்ற எழுத்து. நிழல் எந்தச் சேனலால் வந்தது என்று வீட்டில் சண்டை நடந்தால், இதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

5 விழுக்காட்டுத் தாளில் மேலிருந்து கீழாகச் சில மெல்லிய கோடுகளும் தெரிந்தன. அவை பர்ன்-இன் அல்ல. தயாரிப்பிலேயே வரும் சீரின்மை. பலர் வாங்கிய மறுநாளே இந்தத் தாளைப் போட்டுப் பார்த்து மனம் உடைந்துபோகிறார்கள். இருட்டறையில் ஏறக்குறைய கறுப்பான தாளை உற்றுப் பார்த்தால், குற்றமில்லாத பேனல் அரிது.

சிவப்புத் தாளைப் போட்டபோதுதான் பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். கீழ்ப் பகுதியில் பட்டை அப்பட்டமாக, செங்கல் நிறத்தில், சுற்றியுள்ள சிவப்பைவிடத் தாழ்ந்து நின்றது. பச்சையிலும் நீலத்திலும் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

அதன் பிறகு சேவை மெனுவைத் திறந்தேன். வீட்டில் இருப்பவர்கள் அங்கே போக வேண்டாம். தவறான ஒரு பொத்தான் போதும், டிவி எழுந்திருக்காமல் போய்விடும். அங்கே மூன்று எண்கள் எனக்கு வேண்டியிருந்தன. மொத்தம் ஓடிய நேரம் 8,214 மணி. மற்ற இரண்டும், ரெஃப்ரெஷ் என்ற பெயரில் டிவி தன் திரையைத் தானே சரிசெய்துகொண்ட தடவைகள்: பெரிய ரெஃப்ரெஷ் 1. சிறிய ரெஃப்ரெஷ் 63.

அந்த 63தான் இந்த வழக்கின் திருப்பம்.

63 ஏன் தவறான எண்

ஓஎல்இடி திரையில் பின்னாலிருந்து ஒளி தரும் பொதுவான விளக்கு கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு குழாய்த் திருகு, ஒரு விளக்கு. திருகு என்பது மின்னோட்டத்தை அளந்து விடும் மெல்லிய டிரான்சிஸ்டர். விளக்கு என்பது மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமப் பொருளின் அடுக்கு. திரையில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் இரண்டும் களைக்கின்றன. ஆனால் களைக்கும் விதம் வேறு.

திருகின் களைப்பு இப்படி: ஒரே அழுத்தத்தில் நெடுநேரம் திறந்திருக்கும் டிரான்சிஸ்டரில் மின்னூட்டம் சிறிது சிறிதாகச் சிக்கிக்கொள்கிறது. திருகு இறுகுகிறது. முன்பு திறந்த அதே அளவு திறந்தாலும் குறைவாகவே பாய்கிறது, பிக்சல் மங்குகிறது. ஓய்வு கொடுத்தால் இதில் ஒரு பகுதி தானாக இளகும். இளகாத பகுதியை அளந்து பார்த்து, "இந்தப் பிக்சலுக்கு இனிமேல் இவ்வளவு கூடுதலாகத் திற" என்று கணக்கெழுதி வைத்துவிட்டால் மங்கலும் மறையும்.

விளக்கின் களைப்பு அப்படியல்ல. கரிமப் பொருளின் மூலக்கூறுகள் ஒளிவிட ஒளிவிடச் சிதைகின்றன. சிதைந்தது சிதைந்ததுதான். உண்மையான பர்ன்-இன் இதுதான். பெயர்தான் பொருத்தமில்லாதது. இங்கே எதுவும் எரிந்து பதிவதில்லை. சில பிக்சல்கள் பக்கத்துப் பிக்சல்களைவிட முன்னதாக முதுமை அடைகின்றன, அவ்வளவுதான். நிழல் தெரியக் காரணம் அந்த வயது வித்தியாசம். விளிம்பு கூர்மையாக இருந்தால், நூற்றில் ஓரிரு பங்கு ஒளி குறைந்தாலே நம் கண் பிடித்துவிடும்.

முதல் வகைக் களைப்பைச் சரிசெய்யும் வேலையை டிவி தானே செய்கிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடிய பிறகு நாம் ரிமோட்டால் அணைத்தால், திரை கறுத்த பிறகும் உள்ளே பத்து நிமிடம் வரை வேலை நடக்கும். ஒவ்வொரு பிக்சலின் திருகும் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளந்து, கணக்கைத் திருத்தும். சிறிய ரெஃப்ரெஷ் என்பது இதுதான். முடியும்போது பல டிவிகளில் 'டிக்' என்று ரிலேயின் சத்தம் கேட்கும். அணைத்த டிவியிலிருந்து சத்தம் வருகிறதே என்று பயந்து என்னை அழைத்தவர்கள் உண்டு. அந்தச் சத்தம் நல்ல செய்தி.

இதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனைதான். டிவிக்கு மின்சாரம் இருக்க வேண்டும்.

பெரியவரிடம் கேட்டேன். "ஐயா, இரவில் டிவியை எப்படி அணைப்பீர்கள்?"

"ரிமோட்டில் அணைத்துவிட்டு, உடனே சுவரில் ஸ்விட்சையும் அணைத்துவிடுவேன். பகலிலும் அப்படித்தான். கரண்டு வீணாகக் கூடாது, இடி மின்னலுக்கும் நல்லது" என்றார். சொன்னதில் சற்றுப் பெருமிதமும் இருந்தது. பழைய டியூப் டிவிக் காலத்திலிருந்து நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட ஒழுக்கம் அது. நானே ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று ஆண்டுகள் என்பது 1,100 நாட்களுக்கு மேல். ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம் ஓடும் டிவியில் நாளுக்கு ஒரு முறை என்று வைத்தால்கூட சிறிய ரெஃப்ரெஷ் ஆயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். 63தான் நடந்திருக்கிறது. அந்த 63 எப்படி நடந்தது என்று யோசித்தபோது அம்மாதான் விடை சொன்னார்: பேரன் விடுமுறைக்கு வரும்போது இரவில் கடைசியாக டிவி பார்ப்பவன் அவன், ரிமோட்டை அழுத்திவிட்டு அப்படியே படுத்துவிடுவான், காலையில் தாத்தாவிடம் திட்டு வாங்குவான். மூன்றாண்டுகளாக அந்த டிவியைக் காப்பாற்றி வந்தது அந்தச் சோம்பல்தான்.

பெரிய ரெஃப்ரெஷ் என்பது வேறு. அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஏறத்தாழ 2,000 மணி நேரத்துக்கு ஒரு முறை, அணைத்த நிலையில் டிவி தானாகச் செய்துகொள்ளும். இந்த டிவிக்கு நான்கு முறை நடந்திருக்க வேண்டும். நடந்தது ஒரு முறை.

சிகிச்சை

நான் முதல் நாள் செய்த சிகிச்சை, ஒன்றும் செய்யாமல் வந்ததுதான். ரிமோட்டால் அணைத்தேன். சுவர் ஸ்விட்சின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, "ஒரு வாரம் இதைத் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பெரிய ரெஃப்ரெஷை அன்றே ஓட்டாததற்குக் காரணம் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எந்த நிழல் எதனால் போனது என்று தெரியாது. தவிர, நெடுநேரம் ஓடிச் சூடாக இருக்கும் பேனலை அளந்தால் கணக்குச் சரியாக வராது. அது ஆற வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் ஸ்டூலைப் போட்டு, அதே ஒளியளவில் படமெடுத்தேன். 20 விழுக்காட்டுச் சாம்பலில் மேல் மூலைச் சின்னம் போயே போய்விட்டது. கீழ்ப் பட்டை இருந்த இடம் தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும் அளவுக்கு இளைத்திருந்தது. அதாவது, சாம்பல் தாளில் நாங்கள் பார்த்த நிழலில் பெரும்பகுதி திருகின் களைப்பு. வேளாவேளைக்கு அளக்கப்படாததால் மூன்றாண்டுகளாகச் சேர்ந்து, நிரந்தரம் போல வேடம் போட்டிருக்கிறது.

அதன் பிறகுதான் மெனுவிலிருந்து பெரிய ரெஃப்ரெஷை ஓட்டினேன். தயாரிப்பாளரையும் ஆண்டையும் பொறுத்து அது Pixel Refresher, Pixel Cleaning, Pixel Refresh, Panel Refresh என்று வெவ்வேறு பெயரில் இருக்கும். தொடங்கும்முன் மின்தடை அறிவிப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன்; நடுவில் மின்சாரம் போனால் வேலை அரைகுறையாக நின்றுவிடும். முடியும் தறுவாயில் திரையில் ஒரு கோடு தோன்றி மறையலாம். அதைப் பார்த்துப் பதறிப் பிளக்கைப் பிடுங்கிவிடக் கூடாது என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

இதை நினைத்தபோதெல்லாம் ஓட்டக் கூடாது. தயாரிப்பாளர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ரெஃப்ரெஷ் என்பது நன்றாக இருக்கும் பிக்சல்களையும் தேய்த்து மற்றவற்றோடு சமமாக்கும் வேலை என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு, செய்வது அளவீடும் திருத்தமும்தான். ஆனால் அந்தத் திருத்தத்தின் பொருள், களைத்த பிக்சலுக்கு இனிமேல் கூடுதல் மின்னோட்டம் தருவது. ஏற்கெனவே முதுமை அடைந்த விளக்கை இன்னும் வேகமாக எரியவிட்டு, மற்றவற்றோடு சமமாகக் காட்டுகிறோம். கொடுக்க மிச்சமிருக்கும்வரை இது நடக்கும்.

மறுநாள் எடுத்த படங்களில் சாம்பல் தாள் ஏறத்தாழச் சுத்தம். 'முக்கியச் செய்தி' என்ற வெள்ளை எழுத்து இருந்த இடத்தில் மட்டும், தேடினால் ஏதோ தட்டுப்பட்டது. ஆனால் சிவப்புத் தாளில் பட்டை நின்றது. முன்பைவிட மெலிந்திருந்தது, மறையவில்லை. அடுத்த மாதம் போய்ப் பார்த்தபோதும் அப்படியே. அது உண்மையான பர்ன்-இன். முதல் மெக்கானிக் சொன்னதில் சரியாக இருந்த பாதி.

சிவப்பு மட்டும் ஏன்

இந்த வகைப் பெரிய டிவி பேனல்களில் சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு என்று தனித்தனியாக இல்லை. எல்லாப் பிக்சல்களின் அடியிலும் எரிவது வெள்ளை ஒளிதான். மேலே நிறக் கண்ணாடி போல வடிகட்டி. ஒவ்வொரு பிக்சலும் நான்கு கட்டங்களாகப் பிரிந்திருக்கும்: சிவப்பு, பச்சை, நீலம், வடிகட்டியே இல்லாத வெள்ளை. சாம்பல், வெள்ளை, வெளிர் நிறங்களுக்கெல்லாம் வெள்ளைக் கட்டமே பெரும்பாலான ஒளியைத் தந்துவிடுகிறது. அதனால் மற்ற மூன்றும் அங்கே அதிகம் உழைப்பதில்லை.

அடர் சிவப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. வெள்ளைக் கட்டம் சிறிது எரிந்தாலும் சிவப்பு வெளிறிவிடும். ஆகவே சிவப்புக் கட்டம் தனியாக நின்று எல்லா ஒளியையும் தர வேண்டும். அதிலும் வெள்ளை ஒளியின் பெரும்பகுதியை வடிகட்டி விழுங்கிவிடுகிறது. செய்திச் சேனல் விரும்புகிற பளிச்சென்ற சிவப்பு வேண்டுமானால், அடியிலுள்ள விளக்கை அளவுக்கு மீறி எரித்தாக வேண்டும். அவசரத்தைக் காட்டச் சேனல்கள் தேர்ந்தெடுத்த நிறம் இந்தப் பேனலுக்கு மிகப் பொல்லாத நிறமாகப் போனது தற்செயல்தான்.

கூறைப்புடவையில் நிழல் தெரிந்ததற்கும், கிரிக்கெட் மைதானத்தின் பச்சையில் தெரியாததற்கும் காரணம் இதுவே. சிவப்புக் கட்டம் உழைக்கும் இடத்தில்தான் அதன் முதுமை தெரியும்: குங்குமம், செம்மண், அந்தி வானம். கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தால் இந்த டிவியில் ஒரு குறையும் இல்லை.

செய்திச் சேனலின் தீங்கைப் பற்றி ஊகம் வேண்டாத அளவுக்குச் சோதனை நடந்திருக்கிறது. கனடாவின் ஆர்டிங்ஸ் என்ற ஆய்வகம் 2018இல் ஒரே மாதிரியான ஆறு ஓஎல்இடி டிவிகளை வாங்கி, நாளுக்கு 20 மணி நேரம் வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஓட்டியது. இரண்டு டிவிகளில் ஓடியது ஒரே சி.என்.என். சேனல், ஒன்றில் ஒளி உச்சத்தில், மற்றொன்றில் ஏறத்தாழ பாதியில். உச்ச ஒளியில் ஓடியதில் தடம் முதலில் விழுந்தது. அதே காலத்தில், நிலையான உருவங்கள் குறைவாக இருந்த ஒரு வீடியோ விளையாட்டை ஓட்டிய டிவி தெளிவாக இருந்தது. ஓடிய மணி நேரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்பதற்கு அந்த இரண்டு சி.என்.என். டிவிகளே சான்று.

ஒளியைப் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. ஒளியை இரட்டித்தால் கரிமப் பொருளின் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை. மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்ற அளவுக்குச் சரிகிறது. வெப்பம் சேர்ந்தால் இன்னும் மோசம். பெரியவரின் டிவி கடையிலிருந்து வந்த நாள் முதல் Vivid என்ற அமைப்பில், பிக்சல் ஒளி 100இல் ஓடியிருக்கிறது. கடையின் வெளிச்ச வெள்ளத்தில் பக்கத்து டிவியை வெல்வதற்காக வைக்கப்பட்ட அமைப்பு அது. திரைச்சீலை போட்ட வரவேற்பறையில் அதற்கு வேலையே இல்லை.

என்ன மாற்றினோம், எதை மாற்றவில்லை

சேனலை மாற்றச் சொல்லவில்லை. எழுபதைத் தாண்டிய மனிதரிடம், அவர் மூன்றாண்டாகப் பழகிய செய்தி வாசிப்பாளரை விட்டுவிடுங்கள் என்று சொல்வது வைத்தியமாகாது. சேனல்களை மாற்றி மாற்றிப் பாருங்கள் என்பதும் வாய்க்கு எளிது. செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை பட்டையை ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே சிவப்பில்தான் வைக்கின்றன. மாற்றினாலும் அதே பிக்சல்கள்தான் உழைக்கும்.

ஒளியைக் குறைத்தோம். Vivid போய் சினிமா வகை அமைப்பு வந்தது. பிக்சல் ஒளி 100லிருந்து 45க்கு இறங்கியது. முதல் இரண்டு நாள் "டிவிக்கு உடம்பு சரியில்லாதது போல இருக்கிறது" என்றார் அம்மா. மூன்றாம் நாளிலிருந்து அதைப் பற்றிப் பேச்சில்லை. எந்தக் கண்ணும் அப்படித்தான் பழகும். மாற்றியதில் மிகப் பெரிய பலன் தந்தது இதுதான் என்பது என் கணிப்பு.

நிலையான சின்னங்களை அடையாளம் கண்டு அந்த இடத்தை மட்டும் மங்கலாக்கும் வசதியும், படத்தைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஓரிரு பிக்சல் நகர்த்தும் வசதியும் மெனுவில் இருந்தன. இரண்டையும் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள், போட்டுவிட்டோம். இவற்றிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஓரிரு பிக்சல் நகர்த்துவது சின்னத்தின் விளிம்பைக் கரைத்து, நிழல் கண்ணில் படாமல் செய்யும்; கையகலப் பட்டைக்கு நடுவில் உள்ள பிக்சலுக்கு அதனால் எந்த ஓய்வும் இல்லை.

பிறகு சுவர் ஸ்விட்ச். மின்சாரம் வீணாகும் என்ற கவலைக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஸ்டாண்ட்பையில் இந்த டிவி இழுப்பது அரை வாட்டுக்கும் குறைவு. ஆண்டு முழுவதும் விட்டு வைத்தாலும் நாலரை யூனிட்டைத் தொடாது. அந்தக் கணக்கை அவர் ஏற்றுக்கொண்டார். இடி மின்னலுக்கான பயத்தை நான் மறுக்கவில்லை, அது நியாயமான பயம். ஆகவே இப்படி உடன்பாடு: சாதாரண நாளில் ரிமோட்டோடு சரி. இடி இடித்தால் தயங்காமல் பிளக்கையே கழற்றிவிடுங்கள். ஒரு நாள் ரெஃப்ரெஷ் போனால் ஒன்றும் ஆகாது. ஊருக்குப் போகிறீர்களா, ரிமோட்டில் அணைத்து, கால் மணி நேரம் கழித்து, அந்த 'டிக்' கேட்ட பிறகு சுவர் ஸ்விட்சை அணையுங்கள். காலை பத்து மணிக்கு அணைப்பதும் இதே விதிப்படிதான். டிவியோடு ஸ்டெபிலைசரோ எக்ஸ்டென்ஷன் பெட்டியோ இருந்தால், அதன் ஸ்விட்சும் சுவர் ஸ்விட்சுக்குச் சமம்.

இடையில் பெரியவரின் மகன் வெளியூரிலிருந்து ஒரு வீடியோவை அனுப்பியிருந்தார். வண்ணங்கள் மின்னல் வேகத்தில் மாறி மாறி ஓடும். பத்து மணி நேரம் ஓடவிட்டால் பர்ன்-இன் போய்விடும் என்று தலைப்பு. ஓட்ட வேண்டாம் என்றேன். நிழல் தற்காலிகமானதாக இருந்தால், அந்தப் பத்து மணி நேரம் டிவி அணைந்து கிடந்தாலே போதும், அது கலைந்துவிடும். நிரந்தரமானதாக இருந்தால், சிதைந்த மூலக்கூறு மின்னும் வண்ணத்தைப் பார்த்து எழுந்து வராது. நிழலின் எதிர்ப்படத்தை ஓட்டி, பட்டைக்கு வெளியே உள்ள பிக்சல்களையும் முதுமையாக்கிச் சமன் செய்யும் தந்திரம் ஒன்றும் உண்டு. தத்துவப்படி அது வேலை செய்யும். ஒரு காலில் செருப்புத் தேய்ந்ததற்காக மற்றதையும் தரையில் உரசித் தேய்ப்பது போல.

கைப்பேசியில் இந்த வைத்தியம் பெரும்பாலும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மகன் அடுத்துக் கேட்ட கேள்வி அதுதான். ஓஎல்இடி கைப்பேசித் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிப் பொருள்கள். அவற்றில் முதலில் தளர்வது நீலம். அதனால் அங்கே தடம் மங்கலாக அல்லாமல், வெள்ளைப் பக்கத்தில் மஞ்சள் பாய்ந்த கறையாகத் தெரியும்: மேலே கடிகார வரி, கீழே பொத்தான்கள் இருந்த இடம். டிவியில் இருப்பது போன்ற ரெஃப்ரெஷ் பொத்தானைப் பெரும்பாலான கைப்பேசிகளில் காண முடியாது. 2017இல் கூகுளின் பிக்சல் 2 எக்ஸ்எல் கைப்பேசிகளில் சில வாரங்களிலேயே கீழ்ப் பொத்தான்களின் தடம் விழுந்ததாகப் புகார் கிளம்பியபோது, அந்த நிறுவனம் செய்ததும் உத்தரவாதத்தை இரண்டாண்டாக நீட்டி, மென்பொருளில் அந்தப் பொத்தான்களைச் சிறிது நேரத்தில் மங்கச் செய்து, உச்ச ஒளியைச் சற்றுக் குறைத்ததுதான். அங்கேயும் வழி, ஒளியைக் குறைப்பதும் நிலையான உருவத்தை அகற்றுவதும். உச்சி வெயிலில் வண்டியின் கைப்பிடியில் கைப்பேசியை மாட்டி, முழு ஒளியில் நாள் முழுவதும் வரைபடம் பார்த்து ஓட்டும் டெலிவரி ஊழியர்களின் திரைகளைத்தான் நான் மிக மோசமான நிலையில் பார்த்திருக்கிறேன். வெப்பம், ஒளி, நகராத உருவம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அவர்களுக்கு நான் சொல்வது: நேராக நெடுந்தூரம் போகும் பாதை என்றால் திரையை அணைத்துவிட்டுக் குரலைக் கேளுங்கள்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது திருச்சி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சாம்பல் தாள் சுத்தமாகவே இருந்தது. சிறிய ரெஃப்ரெஷ் எண்ணிக்கை 250ஐத் தாண்டியிருந்தது. சிவப்புத் தாளில் பட்டை அதே அளவில் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேனல் மாற்றவில்லை. அந்தத் துண்டுத்தாள் ரிமோட்டுக்கு அடியில் இல்லை. சுவர் ஸ்விட்சின் மேல் நான் ஒட்டிய டேப் மட்டும், ஓரம் சுருண்டு, அப்படியே இருந்தது. திருமண வீடியோவை இப்போது எப்படிப் பார்க்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். தாலி கட்டும் இடம் வந்தால் பேத்தியின் முகத்தைத்தான் பார்க்கிறேன், புடவையை யார் பார்க்கிறார்கள் என்றார்.